அதிகாரப் பிரிவினை: முல்லைப் பெரியாறு வழக்கை வைத்து ஒரு விளக்கம்

"பி.ஏ. அரசியல் அறிவியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். 'அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டைத் தக்க உதாரணங்களுடன் விளக்குக' என்று பெரிய கேள்வி வரும் என்கிறார்கள். மாண்டெஸ்கியூ, மூன்று துறைகள், தடைகளும் சமன்பாடுகளும் என்று எழுதினால் ஒரு பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. உதாரணம் என்று எதை எழுதுவது? இந்தியாவில் இந்தக் கோட்பாடு உண்மையில் இருக்கிறதா இல்லையா? யாராவது புரியும்படி சொல்லுங்கள்."

உதாரணத்தில்தான் இந்தக் கேள்வியே இருக்கிறது. பலரும் "சட்டமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகம் செயல்படுத்தும், நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும்" என்று எழுதிவிட்டு அதையே உதாரணமாக நினைத்துக்கொள்கிறார்கள். அது வரையறைதான். ஒரு துறை இன்னொரு துறையின் வேலையைக் கையில் எடுத்தபோது என்ன நடந்தது, அதை யார் எப்படித் தடுத்தார்கள் என்று காட்டினால்தான் அது உதாரணம். அதற்கு முல்லைப் பெரியாறு வழக்கைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அணை. ஆனால் 2014-இல் வந்த தீர்ப்பின் மையமே அதிகாரப் பிரிவினை என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் கோட்பாட்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ 1748-இல் எழுதியதன் சாரம் அச்சம்தான். சட்டம் போடுகிறவரே அதைச் செயல்படுத்தவும் செய்தால், தனக்கு வேண்டியபடி சட்டம் போட்டு வேண்டியபடி நடத்துவார். தீர்ப்பு சொல்கிறவரே சட்டமும் போட்டால், குடிமகனின் உயிரும் சுதந்திரமும் அவர் விருப்பத்துக்கு உட்பட்டவை ஆகிவிடும். ஆகவே அதிகாரங்கள் ஒரே கையில் சேரக் கூடாது. இதை நான்கைந்து வரியில் எழுதினால் போதும். அவருடைய வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

அடுத்து, இந்தியாவில் இருக்கிறதா என்ற கேள்வி. அமெரிக்க அரசியலமைப்பு முதல் மூன்று பிரிவுகளிலேயே சட்டமியற்றும் அதிகாரம் காங்கிரசுக்கு, நிர்வாக அதிகாரம் அதிபருக்கு, நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறது. நம்முடையதில் அப்படி ஒரு வாசகம் கிடையாது. அரசியலமைப்பு நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் கே.டி. ஷா, மூன்று துறைகளும் முழுமையாகப் பிரிந்திருக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. காரணம் எளிது. நாம் தேர்ந்தெடுத்தது நாடாளுமன்ற முறை. அமைச்சர்கள் சபையிலிருந்தே வருகிறார்கள். சபையின் நம்பிக்கை இருக்கும்வரை நீடிக்கிறார்கள். சட்டமன்றத்தையும் நிர்வாகத்தையும் வெட்டிப் பிரித்தால் அந்த முறையே நடக்காது. உறுப்பு 50 மட்டும், நீதித் துறையை நிர்வாகத் துறையிலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அதுவும் வழிகாட்டு நெறிதான். அதை நிறைவேற்றச் சொல்லி யாரும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

அப்படியானால் இந்தியாவில் அதிகாரப் பிரிவினையே இல்லையா? இதற்கு உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் 1955-இல் ராம் ஜவாயா கபூர் வழக்கில் இருக்கிறது. பஞ்சாப் அரசு பள்ளிப் பாடநூல்களை வெளியிட்டு விற்கும் தொழிலைத் தானே எடுத்துக்கொண்டது. இதற்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லாமல் நிர்வாகம் எப்படிச் செய்யலாம் என்று பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள்; தோற்றார்கள். தலைமை நீதிபதி பி.கே. முகர்ஜியா எழுதிய தீர்ப்பின் சாரம் இது: இந்திய அரசியலமைப்பு இந்தக் கோட்பாட்டை அதன் முழு இறுக்கத்தோடு ஏற்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு துறையின் பணியும் போதுமான அளவுக்கு வேறுபடுத்தப்பட்டிருக்கிறது. ஒரு துறைக்கு அடிப்படையில் உரிய வேலையை இன்னொரு துறை எடுத்துக்கொள்வதை அது அனுமதிக்கவில்லை.

இந்தக் கடைசி வரிதான் உங்கள் விடையின் அச்சாணி. நமக்குக் கேள்வி, ஆட்கள் கலந்திருக்கிறார்களா என்பதல்ல. அமைச்சர் சபையில் உட்காருவது பிரச்சினை இல்லை. ஒரு துறைக்கே உரிய வேலையை இன்னொன்று செய்துவிட்டதா என்பதுதான் கேள்வி. இதை மனதில் வைத்துக்கொண்டு அணைக்கு வருவோம்.

முல்லைப் பெரியாறு அணை இருப்பது கேரளத்து மண்ணில். அதை இயக்குவது தமிழ்நாடு. 1886-இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் நடந்த 999 ஆண்டு குத்தகையில் இந்த ஏற்பாடு வந்தது. அணையின் முழு நீர்மட்டம் 152 அடி. பாதுகாப்பு பற்றிய கவலை எழுந்ததால் 1979-இல் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையைப் பலப்படுத்தும் வேலைகளும் நடந்தன. மட்டத்தை மீண்டும் உயர்த்தலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிபுணர் குழுவின் அறிக்கை, இரு மாநிலங்களின் வாதங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அணை பாதுகாப்பாக இருக்கிறது, 142 அடி வரை தேக்கலாம் என்று 2006 பிப்ரவரி 27 அன்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

சரி, கேரளம் என்ன செய்தது? மார்ச் மாதத்திலேயே தன் பாசன மற்றும் நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அந்தத் திருத்தம் சில அணைகளை ஆபத்தான அணைகள் என்று ஓர் அட்டவணையில் சேர்த்தது. முதல் பெயர் முல்லைப் பெரியாறு. அதற்கு நேரே உயர்ந்தபட்ச நீர்மட்டம் 136 அடி என்று எழுதப்பட்டது. எந்த நீதிமன்றத் தீர்ப்பு என்ன சொல்லியிருந்தாலும் அட்டவணையில் உள்ள மட்டத்தைத் தாண்டக் கூடாது என்ற பொருளில் ஒரு பிரிவும் சேர்ந்தது.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். கேரளச் சட்டமன்றத்துக்கு அணை பற்றிச் சட்டம் போட அதிகாரம் இல்லையா? இருக்கிறது. தண்ணீர், பாசனம், அணைக்கட்டு எல்லாம் மாநிலப் பட்டியலில் 17-ஆவது இனத்தில் வருகின்றன. சபை கூடியது, வாக்களித்தது, சட்டம் முறைப்படி நிறைவேறியது. வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒழுங்கு. அப்புறம் எங்கே தவறு?

தமிழ்நாடு உறுப்பு 131-இன் கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையில் ஐந்து நீதிபதிகள் 2014 மே 7 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். முல்லைப் பெரியாற்றைப் பொறுத்தவரை அந்தத் திருத்தம் செல்லாது. தீர்ப்பு சொன்ன காரணத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். அணை பாதுகாப்பானதா என்பது ஓர் உண்மை பற்றிய கேள்வி. அந்தக் கேள்வியை இரு தரப்பும் நீதிமன்றத்தில் வாதாடி, சான்று காட்டி, முடிவு பெற்றுவிட்டார்கள். அதே கேள்வியைச் சட்டமன்றம் எடுத்து, நாங்கள் வேறு முடிவுக்கு வருகிறோம் என்று அட்டவணையில் எழுதினால், அது சட்டம் இயற்றுவது ஆகாது. தீர்ப்பின் மேல் இன்னொரு தீர்ப்பு எழுதுவது அது. சட்டத்தின் உருவத்தில் வந்தாலும் நடந்திருப்பது நீதித் துறையின் வேலை.

கேரளத்தின் வாதத்தையும் எழுதுங்கள்; விடைக்கு எடை கூடும். அரசியலமைப்பில் அதிகாரப் பிரிவினை என்று தனி உறுப்பே இல்லாதபோது, அதை மட்டும் காரணமாகக் காட்டி ஒரு சட்டத்தை எப்படிச் செல்லாது என்று சொல்லலாம் என்று கேட்டார்கள். அலட்சியப்படுத்தக்கூடிய வாதம் இல்லை அது. மக்களின் உயிர்ப் பாதுகாப்பு என்ற கவலையும் பொய்யானதல்ல. அணைக்குக் கீழே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றம் தந்த பதில்: தனி வாசகம் இல்லாவிட்டாலும் இந்தக் கோட்பாடு அரசியலமைப்பின் அமைப்புக்குள்ளேயே ஊன்றியிருக்கிறது. ஒரு சட்டமன்றம் அதை மீறி நீதி அதிகாரத்தில் நுழைந்தால் அந்தச் சட்டம் சட்டத்தின் ஆட்சிக்கும், உறுப்பு 14 தரும் சமத்துவத்துக்கும் எதிரானது. நீங்கள் கேட்ட "இந்தியாவில் இருக்கிறதா இல்லையா" என்பதற்கும் இதுதான் விடை.

இங்கேதான் மாணவர்கள் ஒரு தவறான முடிவுக்குத் தாவுகிறார்கள். "நீதிமன்றம் சொல்லிவிட்டால் சட்டமன்றம் அதன்பின் எதுவும் செய்ய முடியாது" என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. இதைப் புரிந்துகொள்ள முல்லைப் பெரியாற்றுக்குப் பக்கத்தில் எதிர்மாதிரியான ஒரு வழக்கை வைத்துப் பாருங்கள். 1969-இல் வந்த பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கு அது.

குஜராத்தில் பரூச் நகராட்சி, கட்டடங்கள் மீதும் நிலங்கள் மீதும் அவற்றின் மூலதன மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வரி போட்டு வந்தது. நகராட்சிச் சட்டத்தில் அந்த வரிக்கு இருந்த சொல்லுக்கு, ஆண்டு வாடகை மதிப்பின் மேல் விதிக்கும் வரி என்றுதான் பொருள். மூலதன மதிப்பின் மேல் விதித்தது தவறு என்று அகமதாபாத் தொடர்பான வேறொரு வழக்கில் 1963-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் குஜராத் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மூலதன மதிப்பின் மேல் விதிப்பதும் அந்த வரிதான் என்று, முன்தேதியிலிருந்து செல்லும்படி விதியையே மாற்றியது. ஆலைக்காரர்கள் எதிர்த்தார்கள். நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

ஏன்? அந்த வழக்கில் தலைமை நீதிபதி இதாயத்துல்லா தந்த அளவுகோல்தான் இன்றுவரை பயன்படுகிறது. நீதிமன்றத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்று வெறுமனே அறிவிக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு எந்த அடிப்படையில் நின்றதோ அந்த அடிப்படையை மாற்றலாம். மாறிய நிலைமையில் அதே தீர்ப்பு வந்திருக்க முடியாது என்ற அளவுக்கு மாற்ற வேண்டும். குஜராத்தில் தீர்ப்பு நின்றது ஒரு சட்டச் சொல்லின் பொருளில். சட்டச் சொல்லுக்குப் பொருள் தருவது சட்டமன்றத்தின் வேலை. அதை மாற்றியதும் தீர்ப்பு நிற்க இடமில்லாமல் போயிற்று. கேரளத்தில் தீர்ப்பு நின்றது அணையின் உறுதி என்ற உண்மையில். சட்டமன்றம் வாக்கெடுத்து அணையின் உறுதியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. திருத்தம் வந்தபிறகும் தீர்ப்பின் அடிப்படை அப்படியே இருந்தது.

இந்த இரண்டு வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்று ஏன் நின்றது, மற்றது ஏன் விழுந்தது என்று நீங்கள் விளக்கிவிட்டால், கோட்பாட்டை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள் என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும். எனக்கு இதுதான் இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி.

ஒன்று கவனம். விடை தமிழ்நாடு எதிர் கேரளம் என்ற சண்டையாக மாறிவிடக் கூடாது. இதே கோட்பாட்டில் தமிழ்நாட்டின் சட்டமும் அடிபட்டிருக்கிறது. சமச்சீர் கல்விச் சட்டத்தை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டு, நடைமுறைப்படுத்தக் காலவரையும் தந்திருந்த நிலையில், 2011-இல் ஆட்சி மாறியதும் அதைத் தள்ளிவைக்கும் திருத்தச் சட்டம் வந்தது. தீர்ப்பை மறைமுகமாகச் செயலிழக்கச் செய்ய முடியாது என்பதையும் காரணமாகக் காட்டி, உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தத் திருத்தத்தைச் செல்லாதென்றது. அந்த வருடம் பள்ளி திறந்தும் புத்தகம் வராமல் பிள்ளைகள் காத்திருந்தது பலருக்கு நினைவிருக்கும்.

இதுவரை பார்த்தது சட்டமன்றம் நீதித் துறைக்குள் நுழைந்த கதை. நிர்வாகம் சட்டமன்றத்துக்குள் நுழைந்ததற்கும் ஓர் உதாரணம் வேண்டும். அதற்கு பீகார். சட்டமன்றம் கூடாத நேரத்தில், உடனே செயல்பட வேண்டிய நிலை வந்தால் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்க உறுப்பு 213 இடம் தருகிறது. அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் பிறப்பிப்பார் என்பதால் நடைமுறையில் இது நிர்வாகத்தின் கையில் உள்ள சட்டமியற்றும் அதிகாரம். ஆகவே அதற்குக் கெடு இருக்கிறது: சபை மீண்டும் கூடிய நாளிலிருந்து 6 வாரத்தில் அது காலாவதியாகிவிடும். அதற்குள் சபை அதைச் சட்டமாக்கிக்கொள்ள வேண்டும்.

பீகார் அரசு கண்டுபிடித்த வழி, சபையில் வைத்து நிறைவேற்றாமல், கூட்டத்தொடர் முடிந்ததும் அதே அவசரச் சட்டத்தை மறுபடி பிறப்பிப்பது. புனே கோகலே நிறுவனத்தின் பொருளாதாரப் பேராசிரியர் டி.சி. வாத்வா, பீகாரின் நில உடைமை பற்றி ஆராயப் போனவர், இதைக் கவனித்து அரசிதழ்களைத் தோண்டி எண்ணினார். 1967 முதல் 1981 வரை சட்டமன்றம் இயற்றிய சட்டங்கள் 189. ஆளுநர் பிறப்பித்த அவசரச் சட்டங்கள் 256. கரும்பு பற்றிய ஓர் அவசரச் சட்டம் கிட்டத்தட்ட 14 ஆண்டுகள் இப்படியே உயிரோடு இருந்தது. வாத்வா வழக்குத் தொடுத்தார். 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான ஐவர் அமர்வு, இப்படி இயந்திரம் போல மறுபடி மறுபடி பிறப்பிப்பது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்றது. இதை எழுதும்போது 6 வாரக் கெடுவைக் குறிப்பிட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் என்ன மீறல் நடந்தது என்றே படிப்பவருக்குப் புரியாது. அவசரச் சட்டம் என்ற ஏற்பாடே தவறு என்று எழுதினாலும் மதிப்பெண் போகும்; அரசியலமைப்பே தந்த விதிவிலக்கு அது, தவறு அதை நிரந்தர வழியாக்கியதில்தான்.

விடையை எழுதும் வரிசை பற்றி: மாண்டெஸ்கியூ ஒரு பத்தி, இந்தியாவில் முழு இறுக்கம் இல்லாததும் ராம் ஜவாயா கபூரும் ஒரு பத்தி, அதன்பின் நேராக முல்லைப் பெரியாறு. இருப்பதில் பாதி இடத்தை அதற்கும் பிருத்வி காட்டன் மில்ஸுக்கும் கொடுங்கள். வாத்வா ஒரு பத்தி. வழக்கின் பெயரும் ஆண்டும் நினைவில் இல்லையென்றால் தவறான ஆண்டை எழுதாமல், என்ன நடந்தது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பத்து வழக்குப் பெயர்களை வரிசையாக அடுக்குவதைவிட அது நல்லது.

கேள்வியில் "ஆராய்க" அல்லது "மதிப்பிடுக" என்று இருந்தால் நீதிமன்றத்தின் பக்கமும் இதே அளவுகோலைத் திருப்ப வேண்டும். அதற்கும் வேறு வழக்கைத் தேட வேண்டியதில்லை. 2014 தீர்ப்பிலேயே அணையைக் கண்காணிக்க மூன்று பேர் கொண்ட குழுவை உச்ச நீதிமன்றம் அமைத்தது: மத்திய நீர்வள ஆணையத்தின் ஒருவர், இரு மாநிலங்களிலிருந்தும் தலா ஒருவர். நீர்மட்டம் உயரும்போது அணையைப் பார்வையிடுவது, பராமரிப்பு வேலைக்கு உத்தரவிடுவது எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பாக இருந்தது. இது நிர்வாகத்தின் வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். என் பார்வையில், இரு மாநிலங்களும் ஒருவரை ஒருவர் நம்பாத நிலையில், அணைப் பாதுகாப்புக்கென்று நாடு முழுமைக்குமான சட்டமும் இல்லாத அந்த ஆண்டில், நீதிமன்றத்துக்கு வேறு வழி குறைவு. பிறகு நாடாளுமன்றம் 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டப்படியான தேசிய ஆணையம் முழுமையாக இயங்கத் தொடங்கும்வரை அதன் அதிகாரங்களைக் கண்காணிப்புக் குழுவே பயன்படுத்தலாம் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தான் இடைக்காலத்துக்கு எடுத்த வேலையை உரிய துறையிடம் திருப்பிக் கொடுக்கும் வழியை நீதிமன்றம் அந்த உத்தரவிலேயே வைத்திருக்கிறது என்று நான் வாதிடுவேன். நீங்கள் மாறாகவும் வாதிடலாம். காரணம் காட்டினால் போதும்.